“உடனே” என்று எழுதாதீர்கள், நேரத்தை எழுதுங்கள்: அட்டை மோசடி முறைப்பாடு, கேள்வி பதில்

கொழும்பில் ஒரு வங்கியின் அட்டைப் பிரிவில் சில வருடங்கள் முறைப்பாட்டுக் கடிதங்கள் வாசித்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன். உங்கள் கடிதத்தை இங்கே போடுங்கள். அட்டையின் முழு இலக்கத்தை மட்டும் போடாதீர்கள்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, இதைக் கொஞ்சம் திருத்தித் தாங்க. “மார்ச் 14 இரவு என் டெபிட் கார்டில் யாரோ காசு எடுத்துவிட்டார்கள். உடனே உங்களுக்குக் கோல் எடுத்தேன். அதற்குப் பிறகும் காசு போனது. கடும் மன உளைச்சலில் இருக்கிறேன். காசைத் திருப்பித் தந்து கார்டையும் நிறுத்துங்கள்.” மெசேஜ் வந்தது 11.48க்கு 310 ரூபா, 11.55க்கு 42,600, பிறகு 12.11க்கு 38,900. கோல் எடுத்தது 12.04.

தம்பி, உங்கள் கடிதத்தில் பெறுமதியான விஷயம் ஒன்றுதான்: மூன்றாவது தொகை நீங்கள் கோல் எடுத்த பிறகு போயிருக்கிறது. அதை “உடனே” என்ற சொல்லுக்குள் புதைத்துவிட்டீர்கள். வாடிக்கையாளர் வங்கிக்கு அறிவித்த நேரத்துக்கு முன்னால் போனது எது, பின்னால் போனது எது என்றுதான் அட்டைப் பிரிவில் முதலில் பார்ப்பார்கள். அநேகமான அட்டை ஒப்பந்தங்களில் பொறுப்பு யாருடையது என்பது அந்தக் கோட்டில்தான் மாறுகிறது.

இன்னொரு பிழை, சின்னதுதான், ஆனால் வேலையைக் கெடுக்கும். 12.04 என்பது 14 அல்ல, 15ஆம் திகதி. நீங்கள் 14 என்று எழுதினால் கோல் பதிவைத் தேடுகிறவர் 14 அதிகாலையில் தேடிவிட்டு “அப்படி ஒரு அழைப்பு இல்லை” என்று பதில் போடுவார். இப்படித் திரும்பிப்போன கடிதங்களை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

போனில் அந்தக் கோலைத் திறந்து பாருங்கள். எத்தனை நிமிடம் கதைத்தீர்கள்?

அதே தம்பி: 9 நிமிடம் 10 செக்கன் காட்டுது. அதில் பாதி பாட்டுத்தான் கேட்டேன். ஆள் எடுத்தது எத்தனை மணிக்கு என்று ஞாபகம் இல்லை. முறைப்பாட்டு இலக்கம் தந்தார்கள்.

அப்படியென்றால் கோல் முடிந்தது 12.13. மூன்றாவது தொகை நீங்கள் லைனில் இருக்கும்போதே போயிருக்கிறது. ஆள் எடுத்த நேரத்தை நீங்கள் ஊகித்து எழுத வேண்டாம், வங்கியிடமே கேளுங்கள். கடிதம் இப்படிப் போகட்டும்:

> பொருள்: நான் அனுமதிக்காத மூன்று கொடுக்கல் வாங்கல்கள் (டெபிட் அட்டை, இறுதி நான்கு இலக்கம் 4417): அட்டையை நிரந்தரமாக முடக்கவும் ரூபா 81,810ஐ மீள வைப்பிடவும் கோரல்
>
> கீழுள்ள கொடுக்கல் வாங்கல்களை நான் செய்யவில்லை, எவருக்கும் அனுமதி கொடுக்கவுமில்லை. அட்டை அந்நேரம் என் கையில் இருந்தது. எனக்கு ஓடிபி எதுவும் வரவில்லை.
>
> மார்ச் 14, இரவு 11.48: ரூபா 310
> மார்ச் 14, இரவு 11.55: ரூபா 42,600
> மார்ச் 15, அதிகாலை 12.04: உங்கள் 24 மணிநேர இலக்கத்துக்கு அழைத்தேன்
> மார்ச் 15, அதிகாலை 12.11: ரூபா 38,900 (அழைப்பு நடந்துகொண்டிருந்தபோது)
> மார்ச் 15, அதிகாலை 12.13: அழைப்பு முடிந்தது, தரப்பட்ட முறைப்பாட்டு இலக்கம் ……
>
> அட்டையை நிரந்தரமாக முடக்கி, முடக்கிய நேரத்தை எழுத்தில் அறியத் தாருங்கள். உங்கள் அலுவலர் அழைப்பை ஏற்ற நேரத்தையும் தெரிவித்து, குரல் பதிவை அழியாமல் பாதுகாக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். குறுஞ்செய்திகளினதும் அழைப்புப் பதிவினதும் படங்களை இணைத்துள்ளேன்.

ஒவ்வொரு தொகைக்குப் பக்கத்திலும் மெசேஜில் வந்த கடைப் பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள், விளங்காத பெயராக இருந்தாலும் சரி. மன உளைச்சலை எடுத்துவிட்டேன், கோபிக்க வேண்டாம். 310 ரூபாயை மட்டும் விட்டுவிடாதீர்கள். அட்டை வேலை செய்கிறதா என்று களவெடுத்தவன் தட்டிப்பார்த்த காசாக இருக்கலாம். அது இருந்தால்தான் கதை முழுசாகத் தெரியும்.

இன்னொன்று. ஸ்டேட்மென்டில் இதே தொகைகள் இரண்டு மூன்று நாள் பிந்திய திகதியில் விழலாம். அது கணக்கில் பதிந்த நாள். கடிதத்தில் மெசேஜ் வந்த நேரத்தையே வையுங்கள்.

தெஹிவளையிலிருந்து: ஓடிபி இல்லாமல் காசு போனால் வங்கி கட்டாயம் திருப்பித் தர வேணும். இவ்வளவு எழுதத் தேவையே இல்லை.

பாதி சரி. ஓடிபி இல்லாமல் நடந்த ஒன்லைன் வியாபாரம் என்றால், உங்கள் வங்கி கடைக்காரரின் வங்கியிடமிருந்து காசை மீட்பது இலகுவாகும். ஆனால் “கட்டாயம்” என்பது பெரிய சொல். அந்த மீட்புக்குக் காலக்கெடு உண்டு. அட்டை வலையமைப்புகளின் விதியில் பொதுவாக 120 நாள். உங்கள் வங்கியின் படிவத்தில் அதைவிடக் குறைவாகக் கேட்டிருக்கலாம், வாசித்துப் பாருங்கள்.

யாராவது ஓடிபியைச் சொல்லிக் கொடுத்திருந்தால் அதை மறைக்க வேண்டாம். ஓடிபி போனதும் அடிக்கப்பட்டதும் வங்கியின் பதிவில் நேரத்தோடு கிடக்கும். “வங்கியிலிருந்து என்று சொல்லி ஒருவர் கேட்டார், கொடுத்துவிட்டேன்” என்று எழுதுங்கள். வழக்கு பலவீனமாகும்தான், ஆனால் பொய்யென்று தெரிந்தால் மிச்சமிருக்கும் நம்பிக்கையும் போய்விடும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அக்கா: எனக்கும் இதே பிரச்சினை. மகன் படம் பார்க்க ஒரு மாதம் இலவசம் என்று என் கார்டைப் போட்டான். இப்ப மாதா மாதம் காசு வெட்டுது. இந்தக் கடிதத்தையே அனுப்பட்டுமா?

வேண்டாம் அக்கா, உங்களுடையது வேறு. அட்டையை வீட்டு ஆளே கொடுத்திருக்கிறார், அது களவாகாது. இந்தக் கடிதத்தை அனுப்பினால் உங்கள் அட்டையும் முடங்கும், காசும் வராது. முதலில் மகனைக் கொண்டு சந்தாவை நிறுத்தி, நிறுத்தியதற்கு வரும் ஈமெயிலை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் வெட்டினால் “நிறுத்திய பின்னும் அறவிடப்பட்டது” என்று எழுதுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: நான் ஆப்பிலேயே கார்டை லொக் பண்ணிட்டேன். பிறகும் எதுக்கு முடக்கச் சொல்லிக் கடிதம்?

லொக் நல்லது, அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். ஆனால் அது நீங்களே திறக்கக்கூடிய பூட்டு. சில வங்கிகளில் ஏற்கெனவே பதிந்துவைத்த மாதாந்த அறவீடுகள் அதையும் தாண்டிப் போகும். களவுபோன இலக்கம் நிரந்தரமாகச் செத்துப் புது இலக்கத்தில் அட்டை வர வேண்டும். அதனால்தான் கடிதத்தில் “நிரந்தரமாக” என்று போட்டேன். வெறுமனே “நிறுத்துங்கள்” என்றால் கிளையில் உள்ளவர் எதையும் நினைத்துக்கொள்ளலாம்.

எந்தப் பூட்டும் முன்னமே அனுமதி கிடைத்துவிட்ட தொகையைத் திருப்பாது. ஆப்பில் “நிலுவை” என்று காட்டினாலும் நாலு நாளில் கணக்கிலிருந்து கழியலாம். அட்டையை முடக்கியாச்சு என்று முறைப்பாட்டை விட்டுவிட வேண்டாம்.

மட்டக்குளியிலிருந்து: பொலிஸ் என்ட்ரி போட்டுவிட்டுத்தான் கடிதம் கொடுக்க வேணுமா? வங்கி பதில் தராவிட்டால்?

கடிதத்தை முதலில் கொடுங்கள், என்ட்ரிக்காகக் காத்திருக்க வேண்டாம். வங்கி கேட்டால் பிறகு பிரதியைச் சேர்க்கலாம். கிளையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். பதில் இல்லாவிட்டால், அல்லது பதில் சரியில்லாவிட்டால், அந்தப் பிரதியோடு மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்குப் போகலாம். தொலைபேசி 1935. வங்கிக்கு எழுதாமல் நேரே அங்கே போனால் “வங்கி என்ன சொன்னது?” என்றுதான் கேட்பார்கள்.

வெள்ளவத்தைத் தம்பி, நாலு நாள் கழித்து: அண்ணா, பதில் வந்தது. ஆள் எடுத்தது 12.09, முடக்கியது 12.12 என்று போட்டிருக்கு. முதல் இரண்டும் விசாரணையில். மூன்றாவதுக்கு “முடக்க முன் நடந்தது” என்கிறார்கள்.

அவர்கள் முடக்கிய நேரத்தைப் பிடிக்கிறார்கள், நீங்கள் அறிவித்த நேரத்தைப் பிடியுங்கள். 12.09க்கும் 12.11க்கும் நடுவில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதுதான் இனிக் கேள்வி. அடையாள அட்டை இலக்கமும் பிறந்த திகதியும் கேட்டே அந்த இரண்டு நிமிடத்தைக் கழித்திருந்தால் வாதம் இழுபடும். “கார்டை நிறுத்துங்க” என்று முதல் வசனத்திலேயே சொல்லியிருந்தால் பலம் உங்கள் பக்கம். குரல் பதிவின் எழுத்துப் பிரதியைக் கேட்டு இன்றைக்கே ஒரு கடிதம் போடுங்கள். அவர்கள் தருவார்களா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது.