பிரெஞ்சுக் கல்யாணத்தில் நம் சொந்தபந்தங்களை அறிமுகப்படுத்துவது

கேள்வி: பாரிஸில் என் அண்ணன் கல்யாணம், பெண் பிரெஞ்சுக்காரி. விருந்தில் என்னையும் வீட்டாரையும் அறிமுகப்படுத்த என்னென்ன உறவுச்சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்?

நீங்கள் தங்கை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். "ழ சுயி லா சர் டு மரியே" (நான் மாப்பிள்ளையின் சகோதரி). முதலில் இது வாயில் வரட்டும். தம்பி என்றால் "லு ஃப்ரேர் டு மரியே".

லியோனில் என் தம்பி கல்யாணத்துக்கு அம்மாவைத் தயார் செய்தது நான்தான். "இந்த வயசில் அவளுக்கு எதுக்கு பிரெஞ்சு, சிரிச்சுட்டு உட்கார்ந்தா போதாதா" என்றார்கள் உறவில் சிலர். அந்தப் பேச்சு எனக்கு இன்றும் ஆறவில்லை. பிள்ளையைப் பெற்றவள் ஏன் மூலையில் உட்கார வேண்டும்? சடங்கு முடிந்ததும் எல்லாரும் கையில் கோப்பையோடு நின்று பேசும் நேரம் ஒன்று உண்டு, 'வேன் தொனர்' என்பார்கள். அங்கே பெண்ணின் பாட்டி வந்ததும் அம்மா "ழ சுயி லா மேர் டு மரியே" என்றார். அப்பாவைக் காட்டி "ஸே மோன் மரி" என்றும் சொன்னார். பாட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தன் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் கூட்டிப்போனார்.

'என்' என்பதற்கு ஆண்பால் சொல் முன்னால் மோன், பெண்பாலுக்கு மா, பன்மைக்கு மே: மோன் பேர் (அப்பா), மா மேர் (அம்மா), மே பராந்த் அல்ல, மே பரான் (பெற்றோர், கடைசி எழுத்துகள் ஒலிக்காது). உயிரொலியில் தொடங்கும் பெண்பால் சொல்லுக்கும் மோன்தான் வரும். தோழி 'மோன் அமி', சேர்த்துச் சொன்னால் 'மொனமி'.

சிக்கல் அடுத்தவருடைய உறவைச் சொல்லும்போதுதான். நாம் அவனுடைய, அவளுடைய என்று உடையவரைப் பார்க்கிறோம். பிரெஞ்சு, பின்னால் வரும் சொல்லைப் பார்க்கும். அண்ணனின் மனைவி 'சா ஃபாம்', அண்ணியின் கணவர் 'சோன் மரி'. அதனால் 'சா மேர்' என்றால் அவன் அம்மாவா, அவள் அம்மாவா என்று தெரியாது. இரண்டு வீட்டாரும் நிற்கும் இடத்தில் 'லா மேர் டு மரியே', 'லா மேர் த லா மரியே' என்று பிரித்தே சொல்லுங்கள்.

இன்னொன்று. சித்தப்பா மகள் நமக்குத் தங்கைதான், ஆனால் அவளை 'மா சர்' என்றால் உடன்பிறந்தவள் என்றே எடுத்துக்கொள்வார்கள். தம்பி கல்யாணத்தில் என் சித்தி மகன் அப்படிச் சொல்லி, அம்மாவுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைகள் என்று பெண் வீட்டார் விரல்விட்டு எண்ணினார்கள். 'மா கூசீன்' என்று சொல்லுங்கள், ஆணென்றால் 'மோன் கூசேன்'. உறவை விட்டுக்கொடுப்பதாகச் சிலர் சண்டைக்கு வரலாம். வீட்டுக்குள் தங்கை என்றே கூப்பிடுங்கள், யார் தடுத்தது?

அண்ணி உங்களுக்கு 'மா பெல்-சர்'. ஆண் நண்பரைக் காட்டும்போது மட்டும் 'மோன் கொப்பேன்' வேண்டாம், காதலன் என்று அர்த்தமாகும். 'அன் அமி' போதும்.