முன்–பின் படங்களோடு போகும் கடிதம்: எழுத்து, லோகோ ரீடச்சர்களின் கேள்விகள்

கேள்வி: லேபிள் எழுத்து, லோகோ திருத்தம்தான் என் ஃப்ரீலான்ஸ் வேலை. 14 முன்–பின் ஜோடிகளை இணைத்து, "எந்தப் படத்தையும் குறையில்லாமல் சரிசெய்து தருவேன்" என்று கவர் லெட்டர் எழுதி அனுப்புகிறேன். பதிலே வருவதில்லை. கடிதத்தையும் இணைத்திருக்கிறேன். எங்கே தவறு?

படங்களில் தவறில்லை. கடிதம்தான் அவற்றைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

முகத்தில் பருவை எடுப்பதற்கும் லேபிளில் எழுத்தைச் சரிசெய்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. தோலுக்கு 'இதுதான் சரி' என்று ஒரே விடை கிடையாது. எழுத்துக்கு உண்டு. மடிப்புக்குள் மறைந்திருப்பது 250 கிராமா 260 கிராமா என்பதைப் பார்த்து ஊகிக்க முடியாது. ஊகித்து வரைந்தாலும் படம் அழகாகத்தான் இருக்கும். பிழை தெரியவருவது அச்சான பிறகு. அதனால் வேலை கொடுப்பவர் உங்கள் 'பின்' படத்தைப் பார்த்ததும் மனதில் கேட்பது, "இந்த எழுத்து இவருக்கு எங்கிருந்து கிடைத்தது?" என்பதே. வாடிக்கையாளர் தந்த லேபிள் கோப்பிலிருந்தா, அதே பொருளின் இன்னொரு படத்திலிருந்தா என்று உங்கள் கடிதம் சொல்லியாக வேண்டும்.

14 ஜோடிகளை 3 ஆகக் குறையுங்கள். மூன்றும் வெவ்வேறு சிக்கலாக இருக்கட்டும்: வளைந்த பரப்பில் லோகோ, துணி மடிப்பில் உடைந்த எழுத்து, பழைய லோகோவை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தது. நீங்கள் அனுப்பியதில் 9 ஜோடிகள் ஒரே வகைப் பாட்டில். அவற்றில் ஒன்றைப் பார்த்தவருக்கு மற்ற எட்டும் புதிதாக எதையும் சொல்லவில்லை.

கேள்வி: ஒவ்வொரு ஜோடிக்கும் கீழே என்ன எழுதுவது? எல்லாப் படிகளையும் எழுதினால் யாராவது படிப்பார்களா?

படிக்க மாட்டார்கள். ஆனால் படிகளை அறிந்தவர் எழுதும் நான்கு வரி தனியாகத் தெரியும். ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன்.

கண்ணாடி ஜாடி ஒன்று. கேமரா ஜாடியைவிடச் சற்று உயரத்தில் இருக்கிறது. லோகோவின் வலப்பக்க மை கலைந்திருக்கிறது. விளக்கின் பிரதிபலிப்பு இரண்டு எழுத்துகளை வெள்ளையாக்கிவிட்டது. வாடிக்கையாளரிடம் லேபிளின் வெக்டர் கோப்பை வாங்கி, படத்தின்மேல் வைத்து வளைக்கிறோம். பலர் சறுக்குவது இந்த வளைப்பில்தான்.

உருளையில் ஒட்டிய எழுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப்போக ஒடுங்கும். நடுவிலிருந்து 30 டிகிரி தள்ளி இருக்கும் எழுத்து ஏறக்குறைய 87 சதவீத அகலத்தில் தெரியும்; 60 டிகிரியில் பாதிதான் தெரியும். எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருந்தால், ஏனென்று சொல்லத் தெரியாதவர்கூட 'ஒட்டவைத்ததுபோல் இருக்கிறதே' என்பார். வரிகளின் வளைவும் ஒன்றுபோல் இருக்காது. கேமராவின் மட்டத்தில் இருக்கும் வரி நேராகத் தெரியும். அதற்குக் கீழே இறங்க இறங்க, வரியின் நடுப்பகுதி அதிகமாகத் தொங்கும். ஆகவே லோகோவுக்கு ஒரு வளைவு, அதற்கடுத்த வரிக்குச் சற்றுக் கூடுதல் வளைவு. அளவுகோல் படத்திலேயே இருக்கிறது: மூடியின் விளிம்பும் ஜாடியின் அடிவிளிம்பும்.

பிரதிபலிப்பை முழுவதும் அழிக்கக் கூடாது. அழித்தால் கண்ணாடி காகிதம்போல் ஆகிவிடும். அதன் வெண்மையைக் குறைத்து, அதற்கு அடியில் எழுத்து மங்கலாகத் தெரியும்படி விட வேண்டும். கடைசியாகக் கூர்மை. வெக்டரின் விளிம்பு கத்திபோல் இருக்கும். கேமரா எடுத்த எழுத்தின் விளிம்பு அப்படி இருக்காது. 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, பக்கத்தில் தப்பித்த அசல் எழுத்தோடு ஒப்பிட்டு, அந்த அளவுக்கு மட்டும் மென்மையாக்கி, படத்தில் இருக்கும் அதே அளவு மணிமணியான புள்ளி இரைச்சலையும் சேர்க்க வேண்டும்.

இத்தனையும் கடிதத்தில் இப்படிச் சுருங்கும்:

"ஜாடி லேபிள். லோகோவின் வலப்பக்கம் மை கலைந்திருந்தது. இரண்டு எழுத்துகள் பிரதிபலிப்பில் மறைந்திருந்தன. வாடிக்கையாளரின் வெக்டர் கோப்பிலிருந்து மீட்டு, மூடி விளிம்பின் வளைவுக்கு ஏற்பப் பொருத்தினேன். பிரதிபலிப்பைக் குறைத்தேன், நீக்கவில்லை. லேபிளுக்கு வெளியே எதையும் தொடவில்லை."

கடைசி வாக்கியத்தை எழுதும் முன் சோதித்துவிடுங்கள். முன், பின் இரண்டையும் ஒரே கோப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் லேயரின் கலப்பு முறையை `Difference` என்று மாற்றுங்கள். மாறாத இடமெல்லாம் முழுக் கறுப்பாகும். தொட்ட இடம் மட்டும் ஒளிரும். மூலையில் எங்கோ ஒளிர்ந்தால், தெரியாமல் எதையோ மாற்றியிருக்கிறீர்கள். ஜேபெக் படங்களை வைத்துச் சோதித்தால் சுருக்கத்தால் வரும் மெல்லிய புள்ளிகளும் தெரியும்; அதனால் சுருக்காத கோப்புகளில் பாருங்கள்.

கேள்வி: என் கணினியில் தெளிவாக இருக்கும் திருத்தம், அனுப்பிய பிடிஎஃப்பில் மங்கலாகிறது. முன், பின் இரண்டும் ஒன்றுபோல் தெரிகின்றன.

முழுப் படத்தையும் ஒரு பக்கத்தில் அடக்கினால் லோகோ விரல்நகம் அளவுக்குச் சிறுத்துவிடும். அதன்மேல் பிடிஎஃப்பின் சுருக்கமும் சேர்ந்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. முழுப் படத்தைச் சிறியதாக ஒருமுறை காட்டுங்கள். அதற்குக் கீழே திருத்திய இடத்தை மட்டும் 100 சதவீத அளவில் வெட்டி, முன்னும் பின்னும் அருகருகே வையுங்கள். இரண்டு வெட்டும் பிக்சல் பிசகாமல் ஒரே இடமாக இருக்க வேண்டும்.

குறைந்த தரத்தில் சேமிக்கும் ஜேபெக்கில் வெளிச்சத்தைவிட நிறத்தின் நுணுக்கம் முதலில் பறிபோகும். சிவப்பு எழுத்தின் ஓரம் கசிவது அதனால்தான். சிவப்பு லோகோ உள்ள ஜோடியை உயர்ந்த தரத்தில் சேமித்து, எஸ்ஆர்ஜிபி நிற விவரத்தையும் கோப்போடு சேருங்கள்.

இன்னொன்று. 'முன்' படத்தை வேண்டுமென்றே இருட்டாக்கி, 'பின்' படத்தைப் பளிச்சென்று வைத்திருக்கிறீர்கள். ஒளியும் நிறமும் மாறிவிட்டால், எழுத்தில் நீங்கள் செய்தது என்ன என்பது கண்ணுக்கே படாது. அதைத் தயவுசெய்து மாற்றுங்கள்.

கேள்வி: என் நல்ல வேலைகள் எல்லாமே இன்னும் சந்தைக்கு வராத பொருள்களின் படங்கள். ரகசிய ஒப்பந்தம் இருக்கிறது. பெயரை மங்கலாக்கிக் காட்டலாமா?

வேண்டாம். உறையின் வடிவமும் நிறமுமே பொருளைக் காட்டிக்கொடுக்கும். லோகோ திருத்தத்தில் லோகோவையே மங்கலாக்கினால் காட்டுவதற்கும் ஒன்றுமில்லை. இல்லாத ஒரு பெயரில் லேபிள் வடிவமைத்து, அச்சடித்து, கசக்கி, ஒரு புட்டியில் ஒட்டிப் படமெடுங்கள். அதைத் திருத்தி, "சொந்தப் பயிற்சிப் படம், லேபிளும் நானே செய்தது" என்று கடிதத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். கசங்காத அசல் லேபிள் உங்களிடமே இருப்பதால், திருத்தம் அதோடு எவ்வளவு பொருந்துகிறது என்று மூன்றாவது படமாகவும் காட்டலாம். வாடிக்கையாளர் வேலையில் இந்த வசதி அபூர்வம்.

கேள்வி: சான்றிதழில் தேதியை மாற்றியது, படத்திலிருந்து வாட்டர்மார்க்கை நீக்கியது ஆகிய இரண்டும்தான் என் திறமையை நன்றாகக் காட்டுகின்றன. சேர்க்கலாமா?

இரண்டையும் எடுத்துவிடுங்கள். சான்றிதழில் தேதியை மாற்றுவது போலி ஆவணம். வெறும் மாதிரி என்று நீங்கள் எழுதினாலும், பார்ப்பவருக்கு அது உறுதியாகாது. வாட்டர்மார்க் என்பது படம் யாருடையது என்று சொல்லும் குறி. வேலை தருபவர் தன் சொந்தப் படங்களை உங்களிடம் ஒப்படைக்கப் போகிறவர். அவரிடமே அந்த ஜோடியைக் காட்டுகிறீர்கள். சிறு எழுத்தை நுட்பமாக மாற்றும் திறமையைக் காட்ட, அச்சுப்பிழையோடு வந்த ஒரு லேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். பிழையைச் சுட்டி வாடிக்கையாளர் எழுதிய குறிப்பை, அவர் அனுமதியோடு, படத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.