வாடகையில் டிடிஎஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டிடிஎஸ் என்பது கொடுக்கும் பணத்திலிருந்தே வரியைப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டுவது. மார்ச் நெருங்கினால் இந்தக் கேள்விகள் வரிசை கட்டி வருகின்றன. கீழே உள்ள பதில்கள் 2025-26 நிதியாண்டில் கொடுத்த வாடகைக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறும். அடுத்த வருஷம் இதை வெட்டி ஒட்டிக்கொண்டு வாதாடாதீர்கள்.

மாதச் சம்பளக்காரன் நான். அடையாறில் 62,000 ரூபாய் வாடகையில் இருக்கிறேன். "என் வரியை நானே கட்டுகிறேன், நீ ஏன் பிடிக்கிறாய்?" என்கிறார் வீட்டுக்காரர். இது எனக்கு விதிக்கும் வரியா?

இல்லை. வரி அவருடையது. அவர் வருமானத்திலிருந்து ஒரு பங்கைப் பிடித்து, அவர் பான் எண்ணில் அரசாங்கத்திடம் செலுத்தும் வேலைதான் உங்களுடையது. வாடகை வாங்கும் தனிநபர்கள் பலர் அதைக் கணக்கில் காட்டுவதில்லை. கொடுப்பவர் மூலம் பதிவு வந்துவிட்டால் மறைக்க முடியாது. அதற்காக 2017 ஜூன் 1 முதல் வந்ததுதான் 194-IB பிரிவு. வணிகக் கணக்கு வைத்துத் தணிக்கைக்கு உட்படாத தனிநபரும், மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் பிடித்தே ஆக வேண்டும். வீட்டுக்காரர் ஒழுங்காக வரி கட்டுபவர் என்பது விலக்கு ஆகாது. பிடித்த தொகை அவருடைய வரிக் கணக்கு அறிக்கையான 26AS-இல் ஏறும். ரிட்டர்னில் கழித்துக்கொள்வார், கூடுதல் என்றால் ரீஃபண்ட் வாங்குவார்.

2024 அக்டோபர் 1 முதல் விகிதம் 2%. அதற்கு முன் 5%. பழைய கணக்கைப் பார்த்து அதையே பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாதாமாதம் பிடிக்க வேண்டியதில்லை. ஆண்டு முழுவதுக்கும் சேர்த்து மார்ச் வாடகையில் ஒரே தடவை. உங்கள் கணக்கு: 62,000 வீதம் 12 மாதம், 7,44,000. அதில் 2% என்றால் 14,880. மார்ச் வாடகையாக அவர் கையில் 47,120 போகும். பிப்ரவரியிலேயே சொல்லி வையுங்கள். வாடகை குறைந்தது ஏன் என்று அவர் போன் செய்த பிறகு விளக்கினால் சண்டைதான்.

வாடகை சரியாக 50,000. பராமரிப்பு 4,000 தனி. பிடிக்க வேண்டுமா?

50,000-ஐத் தாண்டினால்தான். பராமரிப்பை நேராகக் குடியிருப்போர் சங்கத்துக்குக் கட்டினால் வேண்டாம். வாடகையோடு சேர்த்து வீட்டுக்காரருக்கே கொடுத்தால் அது 54,000 ரூபாய் வாடகை, பிடியுங்கள்.

வீட்டுக்காரரிடம் என்னென்ன வாங்க வேண்டும்? ஆதார் நகல் இருக்கிறது, போதாதா?

போதாது. பான் வேண்டும். பான் அட்டையில் உள்ளபடி பெயர், முகவரி, கைபேசி எண், மின்னஞ்சல், அவர் இந்தியாவில் வசிப்பவர்தானா என்ற எழுத்து மூலமான பதில், இவ்வளவும் வாங்குங்கள். இத்துடன் வீட்டின் முழு முகவரி, குடியிருந்த காலம், ஆண்டு வாடகை, கடைசி மாத வாடகை ஆகியவற்றைப் படிவத்தில் நிரப்ப வேண்டும். வரி பிடிப்பவர்களுக்கான தனி எண்ணான டான் உங்களுக்குத் தேவையில்லை. உங்கள் பான் போதும். வருமான வரி தளத்தில் நுழைந்து e-Pay Tax போய், புதிய கட்டணத்தில் 26QC-ஐத் தேர்ந்தெடுத்தால் படிவமும் கட்டணமும் ஒரே இடத்தில் முடியும்.

தவறு நடப்பது பான் எண்ணில்தான். ஒப்பந்தம் மனைவி பெயரில், வாடகை போவது கணவர் கணக்குக்கு, வாட்ஸ்அப்பில் வருவது கணவர் பான். அப்படியே நிரப்பினால் வரி கணவர் பெயரில் ஏறும், வருமானம் மனைவியுடையது, இருவருக்கும் கணக்கு இடிக்கும். ஒப்பந்தத்தில் உரிமையாளராகக் கையெழுத்திட்டவர் பான்தான் வேண்டும். நான்காவது எழுத்தைப் பாருங்கள்: தனிநபருக்கு P, இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கு H, நிறுவனத்துக்கு C. இரண்டு உரிமையாளர்கள் என்றால் அவரவர் பங்குக்கு ஒன்றாக இரண்டு 26QC.

பான் தர மாட்டேன் என்கிறார்.

அப்படியானால் 20%. ஆனால் ஒரு வரம்பு உண்டு: பிடிக்கும் தொகை கடைசி மாத வாடகையைத் தாண்டக் கூடாது. 7,44,000-இல் 20% என்பது 1,48,800; ஆனால் நீங்கள் பிடிக்கக்கூடியது மார்ச் வாடகை 62,000 மட்டும். "பான் தந்தால் 14,880, தராவிட்டால் மார்ச் வாடகையே வராது" என்று எழுதி அனுப்புங்கள். பெரும்பாலும் அன்று மாலையே பான் வந்துவிடும்.

வாடகை 30,000தான். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். வரம்புக்குள் இருப்பதால் பிரச்சினை இல்லையே?

இருக்கிறது. இந்த ஒரு கேள்வியை வீட்டைப் பார்க்கும்போதே கேளுங்கள் என்று தொண்டை வற்றச் சொல்லியும் ஒருவரும் கேட்பதில்லை. புரோக்கரும் சொல்வதில்லை. சாவியைக் கொடுப்பது தம்பி, ஒப்பந்தத்தில் கையெழுத்து பவர் வைத்திருக்கும் அப்பா, வாடகை போவது என்.ஆர்.ஓ. கணக்குக்கு. அந்த மூன்று எழுத்து வங்கி விவரத்தில் கண்ணெதிரே இருந்தும் வருஷக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை.

உரிமையாளர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் 194-IB-க்கு வேலையில்லை, 195ஆம் பிரிவு. அதில் 50,000 வரம்பே கிடையாது. விகிதம் 30%, செஸ் சேர்த்து 31.2%, பெரிய வருமானக்காரருக்கு சர்சார்ஜ் தனி. உங்கள் 30,000-இல் மாதம் 9,360 பிடித்து 20,640 கொடுக்க வேண்டும். ஆண்டு முடிவில் அல்ல, ஒவ்வொரு மாதமும். 26QC செல்லாது: டான் வாங்கி, அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் செலுத்தி, காலாண்டுக்கு ஒருமுறை 27Q கணக்கைத் தாக்கல் செய்து, அவருக்கு 16A சான்றிதழ் தர வேண்டும். மார்ச்சில் பிடித்ததைச் செலுத்த மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம்.

பிடிக்காமல் விட்டால் துறை கேட்பது சிங்கப்பூரில் இருப்பவரை அல்ல, உங்களை. முழு வாடகையையும் கொடுத்துவிட்டு வரியையும் மாதம் 1% வட்டியையும் கைக்காசிலிருந்து கட்ட நேரும். "எனக்கு அவ்வளவு வரி வராது" என்று அவர் சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம். அதற்கு வழி, 197ஆம் பிரிவில் படிவம் 13 போட்டு குறைந்த விகிதச் சான்றிதழ் அவரே வாங்கித் தருவது. சான்றிதழ் வரும்வரை 31.2%தான். சித்தப்பா வேண்டாம் என்றார், புரோக்கர் பரவாயில்லை என்றார் என்பதெல்லாம் பதில் ஆகாது.

வீட்டுக்கார அம்மாவுக்கு 70 வயது. 15H தருகிறார். வாங்கிக்கொள்ளலாமா?

வரி பிடிக்க வேண்டாம் என்று எழுதித் தரும் படிவங்களான 15G, 15H 194-IB-க்குச் செல்லாது. வங்கி வட்டிக்குத் தருவதை உங்களிடம் நீட்டுகிறார். பிடியுங்கள், ரீஃபண்ட் வாங்கிக்கொள்ளட்டும்.

அதே 62,000 வாடகை. நவம்பரில் காலி செய்தேன். கடைசி வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொண்டார். பணமே கொடுக்கவில்லையே, எதில் பிடிப்பது?

நடுவில் காலி செய்தால் கடைசி மாதம்தான் பிடிக்கும் மாதம். அட்வான்ஸில் கழித்தாலும் அது வாடகைதான். ஏப்ரல் முதல் நவம்பர் வரை 8 மாதம், 4,96,000, டிடிஎஸ் 9,920. நவம்பர் வாடகையாக 62,000-க்குப் பதில் 52,080 மட்டும் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைத் தரச் சொல்லியிருக்க வேண்டும். டிசம்பர் 30-க்குள் 26QC. அட்வான்ஸை முழுசாகத் தீர்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்றால், 9,920-ஐ அவரிடம் கேட்டு வாங்குவது உங்கள் சாமர்த்தியம்.

போன மார்ச் 31-இல் 14,880 பிடித்தேன். கட்ட மறந்து ஜூன் 14-இல்தான் கட்டினேன். என்ன ஆகும்?

பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள் கட்டியிருக்க வேண்டும். 45 நாள் தாமதம், நாளுக்கு 200 வீதம் 9,000 ரூபாய்க் கட்டணம். இது டிடிஎஸ் தொகையைத் தாண்டாது என்பது ஒன்றுதான் ஆறுதல். பிடித்த தேதியிலிருந்து மாதம் 1.5% வட்டி, மாதத்தின் துண்டும் முழு மாதம் என்பதால் சுமார் 900. இரண்டையும் கட்டிவிட்டு, ட்ரேசஸ் தளத்தில் வரி பிடித்ததற்கான சான்றிதழான 16C இறக்கி வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். மே 15-க்குள் அது அவர் கைக்குப் போயிருக்க வேண்டும்.