மகளைப் போட்டிக்கு அழைத்துப் போக லீவு: மெடிக்கல் சர்டிபிகேட் மட்டும் வேண்டாம்

வக்கீல் ஐயா, தனியார் தொழிற்சாலை அலுவலகத்தில் 11 வருஷமாக வேலை பார்க்கிறேன். 14 வயது மகள் தேசிய அளவிலான சதுரங்கப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாள். போட்டி 3 நாள், பயணத்தோடு 7 நாள். கணவர் வெளிநாட்டில். ஈட்டிய விடுப்பு 19 நாள் இருக்கிறது. கடிதம் கொடுத்து 10 நாளாகியும் மேனேஜர் வாய்மொழியாகப் “பார்க்கலாம்” என்கிறாரே தவிர, எழுத்தில் பதில் இல்லை. சக ஊழியர் ஒருவருக்குப் போன வருஷம் வீட்டு விசேஷத்துக்கு 10 நாள் கொடுத்தார்கள். ஆத்திரத்தில் கடிதத்தின் கடைசியில், “விடுப்பு தராவிட்டால் இதையே என் ராஜினாமாவாக எடுத்துக்கொள்ளலாம்” என்று எழுதிவிட்டேன். “ஜுரம்னு சர்டிபிகேட் வெச்சுட்டுப் போங்க” என்கிறார் தெரிந்தவர் ஒருவர். ஒரு தாய்க்கு இந்த உரிமைகூட இல்லையா? கோர்ட்டுக்குப் போகலாமா?
– ஒரு வாசகி

கோர்ட்டுக்குப் போக வேண்டாம். நீங்கள் ரயில் ஏறுவதற்கு முன் எந்த நீதிமன்றமும் இந்த விடுப்பை வாங்கித் தராது. சக ஊழியருக்கு 10 நாள் கொடுத்ததையும் மறந்துவிடுங்கள். வயிறு எரியும், சரி. ஆனால் அது உங்கள் விடுப்புக்கு ஆதாரம் ஆகாது.

பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: கிளம்பும்போது உங்கள் கையில் எழுத்துப்பூர்வ அனுமதி இருக்கிறதா? கணக்கில் 19 நாள் இருப்பது வேறு, அதை இந்தத் தேதியில் எடுக்க அனுமதி கிடைப்பது வேறு. எப்போது கொடுப்பது என்பதை வேலைச் சூழலைப் பார்த்து நிர்வாகம்தான் முடிவு செய்யும். மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு என்று மொத்தம் 730 நாள் உண்டு. அதைக்கூட உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது என்றுதான் விதி. நீங்கள் தனியார் ஊழியர், அந்த விதி உங்களுக்குப் பொருந்தவும் செய்யாது.

இப்போது சர்டிபிகேட் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு இந்த யோசனையைச் சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் வேலை போனால், போவது அவர் வேலை இல்லை, உங்கள் வேலை.

என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர் இதையேதான் செய்தார். பையனுக்கு வேறொரு மாநிலத்தில் போட்டி. வைரஸ் காய்ச்சல், 5 நாள் ஓய்வு தேவை என்று டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி அனுப்பிவிட்டு ரயில் ஏறிவிட்டார். பையன் பதக்கம் வாங்கினான். பள்ளிக்கூடம் பெருமையாகப் போட்டோ வெளியிட்டது. பையன் கழுத்தில் பதக்கம், தோளில் அப்பாவின் கை. அது ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவுக்கு வர ஒரு நாள்கூட ஆகவில்லை. வேலைக்குத் திரும்பிய வாரமே சார்ஜ் மெமோ வந்தது. அதில் இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, அனுமதியின்றி வேலைக்கு வராதது. இரண்டாவது, பொய்ச் சான்றிதழ் கொடுத்து நிர்வாகத்தை ஏமாற்றியது.

முதலாவதற்கு மட்டும் என்றால் என்னிடம் சொல்ல நிறைய இருந்தது. விசாரணை நடத்தாமல், வேலைக்கு வராததை மட்டும் வைத்து ஒருவரை நீக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் டி.கே. யாதவ் வழக்கில் சொல்லியிருக்கிறது. வராமல் இருந்தது வேண்டுமென்றே செய்ததா, வேறு வழியில்லாமல் நடந்ததா என்று பார்க்க வேண்டும், வேண்டுமென்றே என்று நிரூபிக்காவிட்டால் அது ஒழுங்கீனம் ஆகாது என்று 2012-இல் கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில் சொன்னது. நீண்ட சர்வீஸ், பிள்ளைக்காகப் போன காரணம், சில நாள் மட்டும் என்று அடுக்கினால் எந்தத் தொழிலாளர் நீதிமன்றமும் தண்டனையைக் குறைக்க யோசிக்கும். இரண்டாவது குற்றச்சாட்டு இந்த வாதங்களை எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பொய் என்று வந்துவிட்டால் “நம்பிக்கை போய்விட்டது” என்பார் நிர்வாகத் தரப்பு வக்கீல். அதற்கு மேல் தண்டனை அதிகம் என்று வாதாடுவது கல்லில் நார் உரிப்பதுதான். அதோடு, நோயாளி எங்கே இருந்தார் என்பதற்கு ரயில் டிக்கெட்டே சாட்சி. டாக்டரை விசாரணைக்குக் கூப்பிட்டால் அவர் உங்களுக்காக நிற்க மாட்டார், பொய்ச் சான்று கொடுப்பது அவர் தொழிலிலும் குற்றம். கடைசியில் என் கட்சிக்காரரை ராஜினாமா செய்ய வைத்துப் பணப்பலன்களை மட்டும் வாங்கிக் கொடுக்க முடிந்தது. நேராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் அதிகபட்சம் சம்பளப் பிடித்தமும் ஒரு எச்சரிக்கைக் கடிதமும்தான் வந்திருக்கும்.

அடுத்து, அந்தக் கடைசி வரி. நிபந்தனையோடு எழுதியது ராஜினாமா ஆகாது என்று நான் வாதாடலாம், அது நல்ல வாதமும்கூட. ஆனால் உங்களை வெளியேற்ற நினைக்கும் நிர்வாகம் அதை ஏற்றுக்கொண்டதாக ஒரு கடிதம் அனுப்பிவிட்டால், அப்புறம் வழக்குப் போட்டு, சம்பளமில்லாமல் காத்திருந்து நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். அவர்கள் ஏற்றுக்கொள்வதற்கு முன் திரும்பப் பெற்றுவிட்டால் பிரச்சினை அங்கேயே முடிகிறது. அதனால் இன்றைக்கே ஈமெயிலில், “என் விடுப்புக் கடிதத்தின் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன், எனக்கு ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை” என்று இரண்டு வரி அனுப்புங்கள். விளக்கம், வருத்தம் எதுவும் வேண்டாம்.

அதன்பின் புதிதாக ஒரு கடிதம். “குறிப்பிட்ட தேதிக்குள் பதில் வராவிட்டால் அனுமதித்ததாகக் கருதுவேன்” என்று மட்டும் எழுதாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்களில் இந்த வாக்கியம் கம்பீரமாக இருக்கும். நீங்களாக எழுதிக்கொண்டதால் நிர்வாகம் கட்டுப்படாது, விதியில் அப்படி இருந்தால்தான் செல்லும். போட்டி நடத்துபவர்களின் தேர்வுக் கடிதம், போட்டித் தேதி, போகிற ரயில், திரும்புகிற ரயில், நீங்கள் இல்லாதபோது உங்கள் வேலையை யார் பார்ப்பார், அவர் சம்மதித்துவிட்டாரா – இவை போதும். தாய்மை பற்றி ஒரு பத்தி எழுத வேண்டாம்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜரிடம் பேரம் பேசுங்கள். ஆம், பேரம்தான். ஒரு வழியாவது விமானத்தில் போனால் 7 நாள் 5 நாளாகும். ஈட்டிய விடுப்பு தர மனமில்லை என்றால் சம்பளமில்லா விடுப்பாகவே வாங்கிக்கொள்ளுங்கள். சில நாள் சம்பளம் போவதை இழப்பாக நினைக்காதீர்கள். என் ஃபீஸ் அதைவிட அதிகம்.

“முடியாது” என்று எழுத்தில் பதில் வந்தால் போகாதீர்கள். பதிலே இல்லாமல், காரணத்தைச் சொல்லிவிட்டுப் போனவருக்குப் பர்மார் தீர்ப்பு கொஞ்சம் துணை நிற்கும். மறுப்பைப் படித்துவிட்டுப் போனவர் வேண்டுமென்றே போனார் என்பதற்கு அந்த மறுப்புக் கடிதமே சாட்சி. அதனால் மகளைப் பள்ளி ஆசிரியரோடோ, இன்னொரு போட்டியாளரின் பெற்றோரோடோ அனுப்ப இப்போதே பேசி வையுங்கள். துணைக்கு வருபவரின் பெயரைப் போட்டி நடத்துபவர்களிடம் முன்கூட்டியே பதிய வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.