டெங்கு இல்லை என்று வந்த பிறகும் கழுத்து மடங்காவிட்டால்

கேள்வி: மகளுக்கு 11 வயது. இரண்டு நாளாகக் காய்ச்சல், கடும் தலையிடி, கழுத்தும் நோகுது என்கிறாள். டெங்கு இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. உடம்பில் புள்ளி ஒன்றும் இல்லை. மூளைக்காய்ச்சலாக இருக்குமா? சின்னதில் எல்லா ஊசியும் போட்டோமே?

முதலில் ஒன்றைச் செய்யுங்கள். மகளை நிமிர்ந்து உட்கார வைத்து, வாயை மூடிக்கொண்டு நாடியை நெஞ்சில் முட்டச் சொல்லுங்கள். வைரஸ் காய்ச்சலிலும் டெங்கிலும் கழுத்து நோகும்தான், ஆனால் அது பெரும்பாலும் பக்கவாட்டில் திருப்பும்போது வரும் தசை நோவு, முனகிக்கொண்டாவது நாடியை நெஞ்சுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நீங்கள் பயப்படும் மூளைக்காய்ச்சல், அதாவது மூளையைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி என்றால் பக்கத்துக்குத் திரும்பும் கழுத்து முன்னால் மட்டும் மடங்காது. பாதியில் நின்றுவிடும், அதற்கு மேல் போனால் தலையும் முதுகும் சேர்ந்து இழுக்கும். அப்படி நின்றால் இதை மேலே வாசிக்க வேண்டாம், 1990க்கு அடியுங்கள், அல்லது கையில் கிடைக்கும் வாகனத்தில் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கழுத்து மடங்கினாலும் மகள் எழுப்ப எழுப்பத் தூங்கினால், பேச்சுத் தடுமாறினால், வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், வலிப்பு வந்தால் அதே பதில்தான். கழுத்து நன்றாக இருக்கிறது என்பதை வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாது. கைக்குழந்தைகளில் கழுத்து விறைக்காமலே வரும். அங்கே பார்க்க வேண்டியது பால் குடிக்க மறுப்பது, தூக்கினால் கீச்சென்று அழுவது, உடம்பு துவண்டுபோவது, உச்சிக்குழி புடைத்து நிற்பது.

நான் டொக்டர் இல்லை. கொழும்பில் ஆய்வுகூடத்தில் வேலை, இரத்தமும் முதுகில் எடுக்கும் நீரும் என் மேசைக்குத்தான் வருகின்றன. "டொக்டர் இல்லாதவன் ஏன் பயங்காட்டுகிறாய்" என்று கீழே யாராவது எழுதப்போகிறீர்கள், தெரியும். நான் மருந்து சொல்லவில்லை, எப்போது போக வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன்.

உங்கள் கேள்வி என்னைத் தொட்டதற்குக் காரணம் "டெங்கு இல்லை என்று வந்துவிட்டது" என்ற அந்த வரி. என் தங்கச்சியும் இதையேதான் சொன்னாள். அவளுடைய மகனுக்கு அப்போது 14 வயது, தெஹிவளையில் இருந்தார்கள். ஜூன் மழை, ஒழுங்கைக்கு ஒழுங்கை டெங்கு. காய்ச்சல், தலையிடி, சத்தி. பக்கத்துக் கிளினிக்கில் இரத்தம் எடுத்து, பிளேட்லெட் நல்லாய் இருக்கு, டெங்கு அன்டிஜென்னும் இல்லை, பனடோல் கொடுங்கோ, இரண்டு நாளில் திரும்ப இரத்தம் எடுப்பம் என்று அனுப்பிவிட்டார்கள். "அண்ணா, பிளேட்லெட் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், பயமில்லை" என்று ரிப்போர்ட்டைப் படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டாள்.

பிளேட்லெட் சரிதான். அதே தாளின் மேல் வரிசையில் வெள்ளை அணுக்கள் 19,000, அதில் நியூட்ரோபில் என்ற வகை 88 வீதம். கொழும்பில் எல்லோரும் இரத்த ரிப்போர்ட் வாசிக்கப் பழகிவிட்டார்கள், ஆனால் ஒரே ஒரு வரியைத்தான் வாசிக்கிறார்கள். டெங்கில் வழக்கமாக முதல் நாட்களிலேயே வெள்ளை அணுக்கள் குறையும், 4,000க்குக் கீழே போவது சாதாரணம். கடும் காய்ச்சலோடு 19,000க்கு ஏறி நியூட்ரோபில் இவ்வளவு கூடியிருந்தால் எங்கேயோ பாக்டீரியா வேலை செய்கிறது, அது எங்கே என்று தேட வேண்டும். எண்ணிக்கை சாதாரணமாக இருந்தும் மூளையுறை அழற்சி இருக்கலாம், அதனால் உங்கள் மகளின் தாளில் 8,000 என்று இருந்தால் அதை ஆறுதலாக எடுக்க வேண்டாம்.

உடனே போன் எடுத்தேன். அவனுக்கு ஒரு கிழமையாகக் காது நோவு, சீழ் வடிந்தது, பார்மசியில் கேட்டு அமொக்ஸிசிலின் வாங்கிக் கொடுத்தது, நோவு குறைந்ததும் நிறுத்தியது, எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. வீடியோவைப் போடச் சொல்லி நாடியை நெஞ்சில் முட்டச் சொன்னேன். தலையணையிலிருந்து தலையைத் தூக்கப் பார்த்தான், தலையோடு சேர்ந்து தோளும் முதுகும் பலகை மாதிரி எழும்பின. "ஏலாது மாமா" என்றான். பனடோல் கொடுத்துக் காய்ச்சல் இறங்கி, தலையிடியும் கொஞ்சம் குறைந்திருந்த நேரம் அது. மாத்திரை சூட்டைக் குறைக்கும், கழுத்தின் விறைப்பை எடுக்காது.

ஆஸ்பத்திரியில் மூளையைச் சுற்றியுள்ள நீரைச் சோதிக்க அதை முதுகில் ஊசி போட்டு எடுக்க வேண்டும் என்றதும் மச்சான் மறுத்தார். முதுகில் ஊசி போட்டால் கால் வழங்காமல் போகும் என்று நம்புகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். வளர்ந்த ஒருவருக்கு முள்ளந்தண்டு நரம்புத் தண்டு இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்கும் கீழே, இடுப்பு எலும்பின் மட்டத்தில். அங்கே நீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான் இருக்கின்றன, அவை ஊசிக்கு விலகிக்கொடுக்கும். எடுப்பது சில துளிகள். பிறகு ஒன்றிரண்டு நாள் தலையிடி வரலாம். அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் டொக்டர்மார் காத்திருக்கவில்லை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு இரத்தத்தை எடுத்துவிட்டு, அழற்சியைக் குறைக்கும் டெக்ஸாமெதசோனும் பாக்டீரியாவைக் கொல்லும் செஃப்ட்ரியாக்ஸோனும் இரத்த நாளத்தில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். அதுதான் சரி. இந்த நோயில் மருந்தை மணிக்கணக்கில் தள்ளிப்போட முடியாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. கையெழுத்து வைக்கக் கொடுத்த சம்மதப் படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. மச்சானுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. பிள்ளையின் முதுகில் ஊசி போடுவதற்கு, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத தாளில் ஒரு தகப்பன் கையெழுத்து வைக்க வேண்டும் என்றால் அவர் மறுக்காமல் என்ன செய்வார்? தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் இருக்கிறது. ஒரு பக்கத் தாளைத் தமிழில் அச்சடித்து வைப்பதற்கு என்ன செலவாகும்? கடைசியில் ஒரு முஸ்லிம் நர்ஸ் மிஸ் நின்று வரிவரியாகத் தமிழில் சொன்னார், பிறகுதான் சம்மதித்தார். அந்த மிஸ்ஸுக்கு இன்றைக்கும் எங்கள் வீட்டில் நன்றி உண்டு.

அந்த நீரின் முடிவுகளை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. பச்சைத் தண்ணீர் போல் தெளிவாக இருக்க வேண்டியது கலங்கி வந்தது. ஐந்து அணுவுக்கு மேல் இருக்கக் கூடாத இடத்தில் ஒரு மைக்ரோலீட்டருக்கு 2,400 வெள்ளை அணுக்கள். அந்த நேரத்து இரத்தத்தில் சீனி 110, நீரில் 18. வழக்கமாக இரத்தத்தில் இருப்பதில் பாதிக்கு மேல் நீரிலும் இருக்கும், பாக்டீரியாத் தொற்றில் இப்படி விழுந்துவிடும். கிராம் சாயம் போட்டுப் பார்த்ததில் சோடி சோடியாக ஊதா நிறக் கோளங்கள், நியூமோகொக்கஸ் என்ற பாக்டீரியாவின் தோற்றம். கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. ஆஸ்பத்திரியில் முதலில் ஏற்றிய மருந்தும் அதற்குக் காரணமாகலாம், பார்மசியில் வாங்கி அரைகுறையாக விழுங்கிய மாத்திரையும் காரணமாகலாம். கல்ச்சர் வளர்ந்திருந்தால் எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பது தெளிவாகத் தெரிந்திருக்கும். ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கடந்த இரண்டு கிழமையில் கொடுத்த எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

14 நாள் இரத்த நாளத்தில் மருந்து. பிழைத்தான், படிக்கிறான், இடது காது மட்டும் கேட்காது. வீட்டுக்கு அனுப்பும்போது காது கேட்கிறதா என்று சோதிப்பதை விட்டுவிடாதீர்கள், பிள்ளை தானாகச் சொல்லாது.

சரி, புள்ளி. அவனுக்குக் கடைசிவரை ஒரு புள்ளியும் வரவில்லை. புள்ளி முக்கியமாக மெனிங்கோகொக்கஸ் என்ற கிருமியின் அடையாளம். 2023இல் காலிச் சிறைச்சாலையில் பரவியது அதுதான். அது இரத்தத்தில் இறங்கினால் முதலில் கை கால் குளிரும், கால் உளையும், தோல் நிறம் மாறும், பிறகுதான் புள்ளி, சில மணித்தியாலத்தில் ஊதாத் திட்டாகப் பெருகும். கண்ணாடிக் கோப்பையின் பக்கத்தைப் புள்ளியின் மேல் அழுத்திப் பாருங்கள், மறையாமல் தெரிந்தால் ஒரு நிமிடமும் வைத்திருக்க வேண்டாம். நம் நிறத்தில் கையிலும் முதுகிலும் தெரியாமல் போகலாம், உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், அண்ணம் ஆகிய இடங்களைப் பாருங்கள். டெங்கிலும் மறையாத புள்ளி வரும், வீட்டில் இரண்டையும் பிரிக்க முடியாது, பிரிக்கத் தேவையும் இல்லை. இரண்டுக்கும் இடம் ஆஸ்பத்திரிதான். புள்ளி வரட்டும் பார்ப்போம் என்று மட்டும் இருக்க வேண்டாம்.

இனி ஊசி. மூளைக்காய்ச்சல் ஊசி என்று தனியாக ஒன்று கிடையாது, கிருமிக்குக் கிருமி வேறு. மகளின் கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். பிறந்தவுடன் போட்ட பிசிஜி, சின்னப் பிள்ளைகளில் காசநோய்க் கிருமி மூளையுறைக்குப் போவதைத் தடுக்கும். 2, 4, 6 மாதங்களில் போட்ட பென்டாவேலன்ட்டில் ஹிப் என்ற கிருமிக்கான பாதுகாப்பு இருக்கிறது. அது 2008இலிருந்து நமது அரச திட்டத்தில் உண்டு. எம்எம்ஆர், கூகைக்கட்டால் வரும் மூளையுறை அழற்சியைத் தடுக்கும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி நுளம்பால் வரும் இன்னொரு நோய்க்கு, அதைத்தான் பலர் எல்லா மூளைக்காய்ச்சலுக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "எல்லா ஊசியும் போட்டோம்" என்று தங்கச்சி சொன்னது உண்மை. நியூமோகொக்கஸுக்கான ஊசி மட்டும் அவனுடைய கொப்பியில் இல்லை, அந்தக் காலத்தில் அது தனியாரில் காசு கட்டிப் போடுவது. அந்த ஊசியின் பெயர் பிசிவி, கொப்பியில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் நூற்றுக்கு மேல் உள்ள நியூமோகொக்கஸ் வகைகளில் முக்கியமான சிலவற்றுக்குத்தான், எனவே அது இருந்தாலும் அறிகுறி வந்தால் போகத்தான் வேண்டும். மண்ணீரல் எடுத்த பிள்ளைக்கும், அறுவை செய்து காதுக்குள் கருவி பொருத்திய பிள்ளைக்கும் அந்த ஊசியைப் பற்றி டொக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

மெனிங்கோகொக்கஸ் ஊசியை இங்கே பெரும்பாலும் பயணத்துக்காகவே போடுகிறோம். ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் போகிறவர்கள் சவூதியில் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாளுக்கு முன் போட்டிருக்க வேண்டும். அதில் ஏ, சி, டபிள்யூ, வை என்ற நான்கு வகைகள் அடங்கும். பி வகைக்கு ஊசி வேறு. லண்டனுக்குப் படிக்கப் போகும் பிள்ளை வைத்திருப்பவர்கள் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், நான்கு வகை ஊசியின் அட்டையைக் காட்டிவிட்டு பி வகையும் சேர்ந்துதான் போட்டாச்சு என்று சொல்பவர்களை நான் கவுண்டரில் அடிக்கடி பார்க்கிறேன்.