மனை என் பெயரில், பணம் அவருடையது

கேள்வி: நான் என் கணவருக்கு இரண்டாம் மனைவி. மூத்தவர் இறந்த பிறகு என்னை மணந்தார். மூத்தவருக்கு ஒரு மகன், ஒரு மகள். எனக்கு ஒரு மகள். மாமியார் உயிருடன் இல்லை. அரசு ஊழியரான என் கணவர் 1992-இல் தன் சம்பளச் சேமிப்பில் என் பெயரில் மனை வாங்கி, பிறகு வீடும் கட்டினார். சென்ற ஆண்டு உயில் எழுதாமல் காலமானார். "அப்பா பணத்தில் வாங்கியது, எங்களுக்கும் பங்கு உண்டு" என்று மூத்தவரின் பிள்ளைகள் வாரிசுச் சான்றிதழைக் காட்டுகிறார்கள். ஆளுக்கு இரண்டு லட்சம் கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடலாமா? என் நகையை விற்று வாங்கியதாகச் சொல்லும்படி உறவினர் ஒருவர் யோசனை சொல்கிறார்.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டும் வேண்டாம், அம்மா.

முதலில் நகை. விற்ற ரசீதை நீதிமன்றம் கேட்கும், உங்களிடம் இருக்காது. அந்த ஒரு பொய் உடைந்தால் நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளும் சேர்ந்து உடையும். அப்படிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பணம் கணவருடையது என்பதாலேயே மனை அவருடையது ஆகிவிடாது. யாருக்காக வாங்கினார் என்பதே கேள்வி. 1988-ஆம் ஆண்டு பினாமி சட்டப்படி, மனைவி பெயரிலோ மணமாகாத மகள் பெயரிலோ வாங்கியது அவர்களின் நன்மைக்கே என்று அனுமானிக்க வேண்டும். இல்லை என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 2016 திருத்தத்தில் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது; ஆனால் உங்கள் கிரயம் 1992-இல் நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன இத்தகைய ஒரு வழக்கில் கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் மற்ற வாரிசுகளுக்குப் பங்கு உண்டு என்றன. 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கணவர் கிரயத் தொகையில் ஒரு பகுதியைக் கொடுத்தார், முத்திரைத்தாளும் அவரே வாங்கினார் என்பவை மட்டும் பினாமி என்று சொல்லப் போதாது என்றது.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வார்கள்? பணம் வந்த வழியோடு மூலப் பத்திரம் யாரிடம் இருந்தது, வரி யார் பெயரில் கட்டப்பட்டது, அந்தப் பெயரில் வாங்கக் காரணம் என்ன, பிற்பாடு சொத்தை யார் உரிமையாளராக நடத்தினார்கள் என்பதையெல்லாம் பார்ப்பார்கள். நீங்கள் இருவரும் அந்த வீட்டிலேயே வாழ்ந்ததால் சொத்து யார் அனுபவத்தில் இருந்தது என்பது எந்தப் பக்கமும் பெரிதாகச் சாயாது. காரணம்தான் உங்களுக்குப் பலம். மூத்த தாரத்துப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், இரண்டாவதாக வந்தவளுக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்று அவர் நினைத்தது இயல்பு. எதிர்த்தரப்பு வேறு காரணம் காட்ட வேண்டும்: கடன்காரர்களுக்குப் பயந்து உங்கள் பெயரில் போட்டார் என்பது போல.

இன்னொரு காகிதம் பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. அரசு ஊழியர் குடும்பத்தார் பெயரில் மனை வாங்கினால் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் அப்போது எழுதிக் கொடுத்த கடிதம் பணிக் கோப்பில் இருக்கலாம். 'என் மனைவிக்காக' என்று அவர் கையெழுத்தில் ஒரு வரி கிடைத்தால் பத்து சாட்சிகளுக்குச் சமம். அலுவலகத்தில் நகல் கேட்டு மனுச் செய்யுங்கள். ஆனால் சொத்து விவரப் பட்டியலில் அதைத் தன் சொத்தாகவே காட்டியிருந்தால் அது அவர்களுக்கு உதவும். அதனால் வழக்கறிஞரிடம் போகும் முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

மனை உங்களுடையது, கட்டடம் அப்பாவுடையது என்று அடுத்ததாகச் சொல்வார்கள். கட்டட அனுமதி வரைபடம், வரி ரசீது, வீட்டுக் கடன் ஆவணங்கள் ஆகியவற்றில் உங்கள் பெயர் இருக்கும் பக்கங்களைச் சேர்த்து வையுங்கள்.

இப்போது விடுதலைப் பத்திரம். இருக்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதற்குத்தான் விடுதலை எழுதுவார்கள். அதைப் பதிவு செய்தால், அவர்களுக்குப் பங்கு இருந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக நாளை வாதாடலாம். பட்டாவில் எல்லா வாரிசுகளையும் சேர்க்கச் சொல்லி மனுக் கொடுத்தாலும் இதே கதைதான். வாரிசுச் சான்றிதழ் இறந்தவரின் வாரிசுகள் யார் என்று மட்டும் சொல்லும்; எந்தச் சொத்து அவருடையது என்று சொல்லாது. அமைதிக்காகப் பணம் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், சொத்து தொடக்கம் முதலே உங்களுடையது என்று அவர்கள் ஏற்பதாக வாசகம் வைத்து எழுதச் சொல்லுங்கள்.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் பெயரிலேயே இருக்கும் வைப்புத்தொகை, நிலம் எல்லாம் வேறு. நியமனதாரராக உங்கள் பெயர் இருந்தாலும் அவற்றில் உங்களுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு நான்கில் ஒரு பங்கு உண்டு. அதைத் தடுக்காமல் பிரித்துக் கொடுங்கள். வீட்டைப் பற்றிய பேச்சின் சூடும் பாதி தணியும்.

அவர்கள் வழக்குப் போடுவார்கள் என்று தோன்றினால், உரிமையியல் நீதிமன்றத்தில் கேவியட் மனுத் தாக்கல் செய்யுங்கள். 90 நாட்களுக்கு உங்களைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு வாங்க முடியாது. பிறகு உங்கள் உயில். நீங்கள் எழுதாமல் போனால் வீடு உங்கள் மகளுக்குத்தான் போகும். மூத்தவரின் பிள்ளைகள் சட்டப்படி உங்கள் மகன், மகள் ஆகமாட்டார்கள். ஆனால் உங்கள் மகள் பிள்ளையில்லாமல் உங்களுக்கு முன்பே போய்விட்டால், கணவரின் வாரிசுகள் என்ற முறையில் அவர்கள்தான் வருவார்கள். அதையும் மனத்தில் வைத்து எழுதுங்கள்.