‘அஞ்சு மில்லி’ என்றால் எந்த மில்லி? மருந்தளவு வகுப்பைச் செய்துகாட்டிய கணக்காக மாற்றுவது: கேள்வி பதில்

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை பக்கத்து மருந்தாளுநர் மாணவர்களும் கடைக்காரர்களும் கேட்டவை. பதில் சொல்பவர் மருந்தளவுக் கணக்கு எடுக்கும் ஒரு டீச்சர்.

டீச்சர், டோபமின் வகுப்பு நாற்பது நிமிஷம் நடந்தது. என் நோட்டில் இருப்பது ஒரே வரி: “5 மைக்ரோ, 60 கிலோ, ஒரு ஆம்பூல் 50ல, 4.5ல ஓடும்.” இதை எப்படிக் கணக்காக விரித்து எழுதுவது? (டி.ஃபார்ம் மாணவி, களியக்காவிளை)

விடை உங்கள் நோட்டிலேயே இருக்கிறது. அலகுதான் முழுசாக இல்லை. கூட்டல், பெருக்கல் எதையும் தொடாமல் முதலில் அந்த வரியை மட்டும் முழுசாக எழுதுங்கள். “5 மைக்ரோ” என்பது ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம். “ஒரு ஆம்பூல்” என்பது 5 மி.லி.யில் 200 மி.கி. இதை நினைவிலிருந்து எழுதாதீர்கள், ஆம்பூலைக் கையில் வைத்து லேபிளைப் பார்த்து எழுதுங்கள். “4.5” என்பது சிரிஞ்ச் பம்பில் வைக்கும் வேகம், மணிக்கு 4.5 மி.லி.

இனி ஒவ்வொரு படியையும் தனி வரியில் போடுங்கள். வரி முடிந்ததும் இரண்டு கேள்வி: என்ன அலகு மிஞ்சியது? எண் பெருக வேண்டுமா, சிறுக்க வேண்டுமா?

```
1) 5 மைகி/கிலோ/நிமிடம் × 60 கிலோ = 300 மைகி/நிமிடம்
2) 300 மைகி/நிமிடம் × 60 நிமிடம்/மணி = 18000 மைகி/மணி
3) 18000 மைகி/மணி ÷ 1000 மைகி/மிகி = 18 மிகி/மணி
4) 200 மிகி ÷ 50 மிலி = 4 மிகி/மிலி
5) 18 மிகி/மணி ÷ 4 மிகி/மிலி = 4.5 மிலி/மணி
```

முதல் வரியில் கிலோ வெட்டுப்பட்டது, நிமிடம் நிற்கிறது. பம்ப் கேட்பது மணிக்கணக்கு, அதனால் இரண்டாம் வரி தேவை. ஒரு மணியில் போகும் மருந்து ஒரு நிமிடத்தில் போவதைவிடக் கூடுதல், ஆகவே எண் பெருக வேண்டும், பெருகியிருக்கிறது. மூன்றாம் வரியில் சிறிய அலகிலிருந்து பெரிய அலகுக்குப் போகிறோம், எண் சிறுக்க வேண்டும். இங்கே 1000-ஆல் பெருக்குகிறவர்கள்தான் அதிகம். பெருக்கினால் 1,80,00,000 வரும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘மிகி/மணி’ என்று எழுதிப் பாருங்கள், அது மணிக்கு 18 கிலோ டோபமின்.

இரண்டாம் வரியை விட்டுவிட்டால் கடைசியில் 0.075 வரும். வெறும் எண்ணாகப் பார்த்தால் குற்றம் தெரியாது. அலகோடு எழுதியிருந்தால் மிலி/நிமிடம் என்று நிற்கும், பம்ப் கேட்பது அதுவல்ல என்று அப்போதே தெரிந்துவிடும்.

நோட்டில் “50ல” என்று இருப்பது இன்னொரு வில்லங்கம். மொத்தம் 50 மி.லி.யா, 50 மி.லி.யில் ஆம்பூலைச் சேர்த்ததா? மொத்தம் 50 என்றால் ஆம்பூல் 5 மி.லி., நார்மல் சலைன் 45 மி.லி. சிலர் 50 மி.லி. சலைனோடு ஆம்பூலைச் சேர்த்து 55 மி.லி. ஆக்கிவிடுவார்கள். அப்போது அடர்வு 3.64 மிகி/மிலி. அதே 4.5-இல் ஓடவிட்டால் நோயாளிக்குப் போவது 5 அல்ல, ஏறத்தாழ 4.5 மைக்ரோகிராம். அலகுகள் அத்தனையும் சரியாக வெட்டுப்பட்டிருக்கும், பிழை மட்டும் உள்ளே இருக்கும். அதனால் நாலாம் வரிக்கு மேலே “5 + 45 = 50 மிலி” என்று கலவையைத் தனியாக எழுதிவிடுங்கள்.

கடைசியில் திரும்பி வாருங்கள்: 4.5 × 4 = 18 மிகி/மணி, 60-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 0.3 மிகி, அதாவது 300 மைகி, அதை 60 கிலோவால் வகுத்தால் 5. புறப்பட்ட இடம் வந்துவிட்டது. ஒரு சிரிஞ்ச் எவ்வளவு நேரம் வரும் என்பதையும் பாருங்கள்: 50 ÷ 4.5, சுமார் 11 மணி நேரம். ஒரு நிமிடத்தில் தீரும் என்றோ ஒரு மாதம் ஓடும் என்றோ வந்தால் எங்கோ புள்ளி நழுவியிருக்கிறது.

இவ்வளவு வரி எதுக்கு டீச்சர்? டோஸ் × எடை × 0.06 ÷ அடர்வு, நேரே போட்டால் 4.5 வந்திரும். அலகு வெட்டுப்பட்டால் விடை சரிதானே? (பி.ஃபார்ம் மாணவர், குழித்துறை)

சூத்திரம் சரி. 0.06 என்பது மேலே உள்ள இரண்டாம், மூன்றாம் வரிகள்தான், 60 ÷ 1000. ஆனால் மைக்ரோகிராமில், நிமிடக் கணக்கில் சொன்ன டோஸுக்கு மட்டுமே அது பொருந்தும். டோஸை மணிக்கணக்கில் சொன்ன மருந்துக்கும் பழக்கத்தில் அதையே போட்டுவிடுவோம், ஆபத்து அங்கேதான்.

இரண்டாவது பாதியில் எனக்கு உடன்பாடில்லை. அலகு வெட்டுப்படாவிட்டால் விடை தவறு, அது உறுதி. வெட்டுப்பட்டால் விடை சரி என்பதற்கு உறுதி இல்லை. பாரசிட்டமாலை எடுத்துக்கொள்ளுங்கள். 12 கிலோ குழந்தை, கிலோவுக்கு 15 மி.கி., ஒரு வேளைக்கு 180 மி.கி. சிரப் 5 மி.லி.யில் 125 மி.கி. என்றால் 7.2 மி.லி. அதே சிரப் 5 மி.லி.யில் 250 மி.கி. ஆகவும் வருகிறது, அப்போது 3.6 மி.லி. ஒரு மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் 1.8 மி.லி. மூன்றிலும் அலகு மிகி/மிலிதான், மூன்றும் அழகாக வெட்டுப்படும். சிரப்புக்குப் போட்ட 7.2 மி.லி.யைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் 720 மி.கி., கிலோவுக்கு 60. நான்கு மடங்கு.

அலகுச் சோதனை கணக்கைத்தான் காவல் காக்கும், பாட்டிலை அல்ல. பாட்டிலுக்கு லேபிளை எழுதும் அந்த முதல் வரிதான் காவல்.

வகுப்பு ரெக்கார்டிங் என்கிட்ட இருக்கு. கேட்டு அப்படியே டைப் பண்ணினால் போதுமா? எழுத்தாக மாற்றுவதைத்தானே சொல்றீங்க? (பாறசாலை)

இல்லை. டைப் செய்த வகுப்பு வகுப்பாகவேதான் இருக்கும். அதைப் படி படியாகச் செய்துகாட்டிய கணக்காக்குவதைப் பற்றித்தான் பேசுகிறோம். ஆனாலும் நீங்கள் கேட்டது நல்லதாயிற்று, ஏனென்றால் நம் பேச்சில் ஒரு பள்ளம் இருக்கிறது.

தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறி வகுப்பு எடுக்கும்போது “அஞ்சு மில்லி” என்போம். அது மில்லிலிட்டரா, மில்லிகிராமா? வகுப்பில் கரும்பலகை சொல்லிவிடும், ரெக்கார்டிங்கில் கரும்பலகை இல்லை. “மைக்ரோ”வும் அப்படியே, கிராம் விழுங்கப்பட்டுவிடும். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் மின்விசிறிச் சத்தத்தில் ஒன்றுதான்.

கேட்டு எழுதும்போது சந்தேகம் உள்ள இடத்தில் “5 மில்லி(?)” என்றே விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். பிறகு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பொருள் வைத்தால் அலகு வெட்டுப்படும், இன்னொன்றில் தொங்கி நிற்கும். பெரும்பாலும் அதிலேயே தெளிந்துவிடும். தெளியாதது வகுப்பு எடுத்தவரிடம் கேட்க வேண்டியது.

டீச்சர், என் அம்மைக்குச் சுகர். கேரளப் பக்கம் வாங்கின இன்சுலின் பாட்டிலில் 100 என்று இருக்கு, வீட்டில் இருப்பது 40 சிரிஞ்ச். 10 யூனிட் போடச் சொன்னாங்க, 10-ஆம் கோடு வரை எடுத்தால் சரிதானே? (கொல்லங்கோடு)

சரியல்ல. முதலில் செய்ய வேண்டியது, பாட்டிலில் உள்ள எண்ணே போட்ட 100 சிரிஞ்ச் வாங்குவது. 40 சிரிஞ்சுக்குப் பொதுவாகச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு. மூடியை நம்பி நின்றுவிடாமல் சிரிஞ்சில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். இதுவரை அப்படிப் போட்டிருந்தால் இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாணவர்களுக்காகக் கணக்கு: இங்கே ‘கோடு’ என்பதையும் ஓர் அலகாக எழுத வேண்டும்.

```
10 கோடு ÷ 40 கோடு/மிலி = 0.25 மிலி
0.25 மிலி × 100 யூனிட்/மிலி = 25 யூனிட்
```

பத்துக்குப் பதில் இருபத்தைந்து. “கோடும் யூனிட்டும் ஒன்றுதானே” என்று நினைப்பதால் வரும் வினை. பாட்டிலும் சிரிஞ்சும் ஒரே எண்ணாக இருக்கும்போது மட்டுமே அவை ஒன்று. இதை வைத்து “அப்படியானால் 4-ஆம் கோடு வரை எடுத்தால் சரி” என்று வீட்டில் யாரும் மாற்றிக் கணக்குப் போட வேண்டாம். அடுத்த முறை ஊசி போடுபவர் வேறு ஆளாக இருப்பார்.

அமாக்சிசிலின் கிலோவுக்கு 40 மி.கி. என்று எழுதியிருக்கேன். 15 கிலோவுக்கு 600 மி.கி., 250/5 சிரப்பில் 12 மி.லி. வகுப்பில் 4 மி.லி. என்றார்கள். யார் தவறு? (மார்த்தாண்டம்)

உங்கள் நோட்டில் ஒரு சொல் விழுந்துவிட்டது. கிலோவுக்கு, *நாளுக்கு* 40 மி.கி., அதை மூன்று வேளையாகப் பிரிப்பது. மி.கி.யும் கிலோவும் மட்டும்தான் அலகு என்று நினைத்ததால் ‘நாள்’ காணாமல் போனது.

```
40 மிகி/கிலோ/நாள் × 15 கிலோ = 600 மிகி/நாள்
600 மிகி/நாள் ÷ 3 வேளை/நாள் = 200 மிகி/வேளை
250 மிகி ÷ 5 மிலி = 50 மிகி/மிலி
200 மிகி/வேளை ÷ 50 மிகி/மிலி = 4 மிலி/வேளை
```

தாயிடம் சொல்லும் விடையில் ‘வேளை’ இருக்க வேண்டும். உங்கள் 12 மி.லி.யும் ஒரு நாளைக்கு என்ற பொருளில் சரியான எண்தான். அதையே மூன்று வேளையும் ஊற்றினால் நாளுக்கு 1800 மி.கி., கிலோவுக்கு 120. பாரசிட்டமாலை வேளைக் கணக்கில் சொல்வார்கள், அமாக்சிசிலினைப் பெரும்பாலும் நாள் கணக்கில். இரண்டையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து எழுதி வைத்தால் வித்தியாசம் மனதில் நிற்கும்.

முழு எண்ணாக்குவது எந்தப் படியில்? எங்கள் சார் ஒவ்வொரு வரியிலும் ஆக்கச் சொல்கிறார். (நெய்யாற்றின்கரை)

கடைசி வரியில் மட்டும் என்பது என் கட்சி. அதுவும் கையில் உள்ள கருவியால் அளக்க முடிகிற எண்ணுக்கு. 14.3 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. பாரசிட்டமால் என்றால் 214.5 மி.கி., 250/5 சிரப்பில் 4.29 மி.லி. உங்கள் வாய்வழி சிரிஞ்சில் 0.2 மி.லி.க்கு ஒரு கோடு என்றால் 4.29 என்று எழுதி என்ன பயன்? 4.2 அல்லது 4.4 தான் எடுக்க முடியும். முதலாவது கிலோவுக்கு 14.7 மி.கி., மற்றது 15.4. 15-ஐ உச்சவரம்பாகக் கொண்டால் கீழே இறங்கி 4.2.

உங்கள் சார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நீண்ட தசமங்களைத் தூக்கிக்கொண்டு போகும் மாணவன் புள்ளியைத் தொலைப்பான். ஆனால் முதல் வரியிலேயே 14.3-ஐ 14 ஆக்கினால் 210 மி.கி., பிறகு 4.2 மி.லி. இங்கே இரண்டு வழியும் ஒரே கோட்டில் வந்து நின்றுவிட்டன. 3 கிலோ குழந்தைக்கு அப்படி நிற்காது. அவர் எத்தனை கிலோ வரை இதை அனுமதிக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள், அதை வைத்துப் பேசலாம்.